காற்றுக்கு வழி விடவும்

இரண்டாவது மாடி பெண்கள் கழிப்பறையில் காலையிலிருந்து சாக்கடை நாற்றம். நேற்று வரை இல்லை. கம்பெனிக்காரர் மைக்கேல்ராஜ் வந்து பார்த்து, மாடியில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் ஏசி இன்ஜினியர் வெஸ்லினுக்கு வேலை நிரந்தரம்.

"சார் ஜூஜுவாடி சிக்னல்ல நின்னுனு இருக்காராம்," என்றார் அட்மின் சுமலதா. "ஏதாவது பண்ணுப்பா."

பெண்கள் கழிப்பறைக்குள் போவது மரியாதை இல்லை என்பதால், வெஸ்லின் மொட்டை மாடிக்குப் போய் எக்ஸாஸ்ட் ஃபேனின் வேகத்தைக் கூட்டினான். நான்கு டாய்லெட்டுக்கு, ஒன்றுக்கு நிமிடத்துக்கு எழுபது கன அடி காற்று என்பது கணக்கு. கணக்குக்கு மேலேயே உறிஞ்சட்டும்.

நாற்றமும் கூடியது. கதவை இழுத்துத் திறக்கச் சுமலதாவுக்கு இரண்டு கைகள் தேவைப்பட்டன.

"உள்ள யாராவது பிடிச்சினு இருக்காங்களா?"

வெஸ்லின் குனிந்து, கதவின் அடியில் காற்றுக்காக வைத்த கிரில்லில் டிஷ்யூ பேப்பரை வைத்தான். உள்ளே இழுபட வேண்டிய பேப்பர் சும்மா தொங்கியது.

"மேடம், உள்பக்கம் பாருங்க."

கிரில்லை மூடி அட்டையும் பேக்கிங் டேப்பும். நேற்று மாலை ஒட்டியது ரிசப்ஷன் யுவஸ்ரீ. சுமலதா அவளைக் கூப்பிட்டார்.

"அந்த ஓட்டை வழியா எல்லாம் தெரியும்ல?" என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல்.

"அது ஓட்டை இல்லீங்க. ஃபேன் வெளிய தள்ற காத்துக்குப் பதில் காத்து, ஆபீஸ்லருந்து வராண்டா வழியா இதுலதான் உள்ள வரணும். தரை வடிகுழியில தண்ணி நின்னாதான் சாக்கடைக் காத்து மேல வராது; யாரும் ஊத்தாம அது காய்ஞ்சு கிடக்கு. இதை அடைச்சா, அது வழியா சாக்கடைக் காத்தை இழுக்கும். நான் வேகத்தைக் கூட்டினேனா, இன்னும் இழுத்துச்சு."

"அப்ப நாத்தத்தைக் கூட்டினது நீங்க."

வெஸ்லின் டிஷ்யூ பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"வெளியிலருந்து பார்த்தா உள்ள தெரியாதுன்னு காட்டுங்க, டேப்பை எடுக்கறேன்," என்றாள் யுவஸ்ரீ.

ஃபேனைப் பழைய வேகத்துக்குக் கொண்டு வந்தான். சுமலதா வடிகுழியில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினார். யுவஸ்ரீ டேப்பைப் பாதி உரித்து அட்டையைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். வெஸ்லின் வராண்டாவில் குப்புறப் படுத்துக் கிரில்லில் கண்ணை வைத்தான். பார்வையை மறைக்கும்படி மடித்த தகடுகள், தகடுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை விரல்?"

"விரலா? உங்க செருப்பே தெரியலீங்க!"

டேப் முழுசாக உரியும் சத்தம் கேட்டது. சில்லென்ற ஏசி காற்று அவன் காதை உரசிக்கொண்டு உள்ளே போனது. அவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"என்னப்பா பண்ற அங்க?"

தலைக்கு மேலே மைக்கேல்ராஜ்.

"காத்து போற வழி பாக்கறேன் சார்."

மைக்கேல்ராஜ் மூக்கை உறிஞ்சினார். கதவை ஒரே விரலால் இழுத்துப் பார்த்தார். வந்தது. மறுபடி உறிஞ்சினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, சுமலதாவிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"ஃப்ளோர் ஓகேம்மா. அந்தப் பையன் மேல மட்டும் ஒரு கண்ணு வை."