பதினேழாம் துளை

மூன்று மணிக்கு ஏசுதாஸ் என் அறை வாசலில் வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காலையில் கூட்டுறவுப் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸ் போர்டில் பரீட்சை முடிவை ஒட்டியதிலிருந்து ஆறு பேர் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். செங்கல்பட்டில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. ஐம்பத்து நான்கு வயதில் ஆறு அழுகைக்கு மேல் தாங்காது.

கடப்பாக்கம் மீனவர் சங்கத்தில் தற்காலிக குமாஸ்தா ஏசுதாஸ். மூன்றாவது தடவையாக எழுதியிருந்தான். அதுவே கடைசித் தடவை. தேறாவிட்டால் வேலை போய்விடும். ஐம்பது கேள்விக்கு இருபத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அவன் இருபத்து நாலு.

மறுமதிப்பீடு கிடையாது என்று அவன் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டினான். போகவில்லை.

"பதினேழாவது கேள்வி ஒண்ணு மட்டும் பாருங்க சார். அது தப்பா இருந்தா நான் பஸ் ஏறிடறேன்."

அந்த வருஷம்தான் நான்கு விடை கொடுத்து ஒன்றில் டிக் போடச் சொல்லும் முறை எங்களிடம் வந்திருந்தது. பிரின்சிபால் வெங்கடராகவன் டில்லியில் இரண்டு வாரம் இருந்துவிட்டு அதைக் கொண்டுவந்தார். திருத்துவதற்கு ஒரு அட்டை. சரியான விடை இருக்கும் இடத்தில் எல்லாம் துளை. அட்டையை விடைத்தாள் மேல் வைத்து, துளைகளில் தெரியும் டிக்குகளை எண்ணினால் மதிப்பெண். கேள்வியைப் படிக்கவே வேண்டாம். அதுதான் சௌகரியம் என்றார் அவர். ஐம்பது துளை போட ஆபீஸில் வசதியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி பர்வதத்தின் கும்முட்டி அடுப்பில் ஆணியைக் காய்ச்சி நானே ஒவ்வொன்றாகச் சுட்டேன்.

பதினேழாவது கேள்வியை எடுத்துப் படித்தேன். நாட்டில் பணப் புழக்கம் ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் கூடுகிறது. விற்பனைக்கு வரும் சரக்கு நான்கு சதவீதம் கூடுகிறது. பணம் கைமாறும் வேகம் மாறவில்லை. விலைமட்டம் ஏறக்குறைய எவ்வளவு ஏறும்? (அ) பதின்மூன்று (ஆ) ஒன்பது (இ) ஐந்து (ஈ) நான்கு.

என்ன போட்டாய் என்று கேட்டேன்.

"அஞ்சு சார். நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, பணத்த வேகத்தால பெருக்கினா இன்னா வருதோ, விலைய சரக்கால பெருக்கினா அதான் வரணும்னு. வேகம் அப்பிடியே கீது. அப்போ ஒன்பது ஏறின பணத்துல நாலு, கூட வந்த சரக்க வாங்கவே பூடும். மீதி அஞ்சுதான் விலைல ஏறும். எங்க கரையில மீனு நெறைய வந்தா இன்னா ஆவுதோ அதான் சார்."

நான் வகுப்பில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னான். சரிதான், பின்னே மார்க் எங்கே போயிற்று என்று அவன் தாளை எடுத்து அட்டையை வைத்தேன். பதினேழாம் துளை (ஆ)வில் இருந்தது. ஒன்பது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் துளை போட்டபோது அந்தக் கேள்வியில் சரக்கு மாறவில்லை என்றுதான் இருந்தது. வேகமும் சரக்கும் நின்ற இடத்தில் நின்றால் பணம் ஏறுகிற அளவுக்கே விலையும் ஏறும், ஒன்பதுதான் விடை. திங்கட்கிழமை வெங்கடராகவன் அது ரொம்பச் சுலபம், சரக்கையும் கொஞ்சம் ஏற்றுங்கள் என்றார். கேள்வியைத் திருத்தினேன். அட்டையை மறந்தேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் செய்கிற வேலை இது.

ஏசுதாஸை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அறுபத்து மூன்று தாள்களையும் மறுபடி எடுத்தேன். பதினேழில் ஐந்து போட்ட எல்லோருக்கும் ஒரு மார்க் ஏற்ற வேண்டும். ஒன்பது போட்ட பன்னிரண்டு பேருக்கு ஒன்று குறைக்க வேண்டும். குறைந்தவர்களில் யாரும் தேர்ச்சிக் கோட்டில் இல்லை என்பது ஒரு புண்ணியம். அந்தப் பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் அடுத்த கேள்வியையும் கோட்டை விட்டிருந்தார்கள். அதுவும் இதே ஜாதிக் கேள்விதான்: பணம் மூன்று சதவீதம் கூடி, சரக்கு ஏழு கூடி, வேகம் மாறாதிருந்தால்? விலை நான்கு சதவீதம் இறங்கும். கழிக்கத் தெரியாதவன் இரண்டிலும் விழுவான். நியாயம்.

பன்னிரண்டாவது தாள் அம்பியுடையது.

அம்பி பர்வதத்தின் தம்பி. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மைத்துனன் எழுதுகிறான் என்று வெங்கடராகவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். கேள்வித்தாள் போட வேறு ஆள் இல்லை என்று விட்டுவிட்டார். அம்பிக்கு ஐம்பதுக்கு ஐம்பது. முதல் இடம். காலையில் அந்தப் பெயரைப் போர்டில் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

இப்போது அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். பதினெட்டாவது கேள்வியில் அழகாகக் கழித்து, விலை நான்கு இறங்கும் என்று டிக் போட்டிருந்தான். பதினேழில் (இ) பக்கத்தில் பேனா பட்டு, அழித்த தடம். அதன் மேலே (ஆ)வில் அழுத்தமாக ஒரு டிக். என் அட்டைக்கு ஐம்பதுக்கு ஐம்பது வாங்க வேண்டுமானால் என் தப்பையும் சேர்த்து எழுத வேண்டும். அந்தத் தப்பு இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பரீட்சை நாள் வரை அட்டையை வைத்திருந்த என் வீட்டு மேஜை டிராயரில்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன். அட்டையை அடுப்பில் போட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் வெளியே பெஞ்சில் ஏசுதாஸ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அட்டை தப்பு என்று சொல்லாமல் அவனுக்கு அந்த ஒரு மார்க்கைத் தர முடியாது. சொன்னால் தாள்களெல்லாம் வெங்கடராகவன் மேஜைக்குப் போகும். அவருக்குக் கழிக்கத் தெரியும்.

பிரின்சிபாலுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி என் தவறு. அதை எழுதி முடிக்கும்போது அம்பியே வந்து நின்றான், கையில் டிபன் டப்பா. முதல் இடம் வாங்கியதற்குப் பர்வதம் கேசரி கிளறிக் கொடுத்தனுப்பியிருந்தாள். பிரின்சிபாலுக்கும் கொஞ்சம் கொடுக்கச் சொன்னாளாம்.

நான் அவன் தாளை அவன் பக்கம் திருப்பி, பதினேழின் மேல் விரலை வைத்தேன்.

"கழிக்கத் தெரியாதாடா உனக்கு?"

"தெரியும் அத்திம்பேர்." டப்பாவை மேஜையில் வைக்கவா வேண்டாமா என்று கையிலேயே பிடித்திருந்தான். "முதல்ல அஞ்சுதான் போட்டேன். மூணு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூணு தடவையும் அஞ்சுதான் வந்தது. ஆனா அட்டையில ஒன்பது இருந்ததே. நீங்க போட்டது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை, அழுகைதான் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன். ஏசுதாஸை உள்ளே கூப்பிட்டு, நீ தேறிவிட்டாய், ஊருக்குப் போ என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அம்பி அப்படியே நின்றான். நான் பேனாவை மையில் தோய்த்து இரண்டாவது பத்தியை எழுதத் தொடங்கினேன்.