மூன்று சின்ன விசில்

தீயணைப்புத் துறையில் அவளுக்கு வைத்த பெயர் நிறுத்தக்கா. எங்கே போனாலும் "நிறுத்து, நிறுத்து" என்பாளாம். வேறென்ன செய்வாள்? பாதுகாப்பு அதிகாரி என்று முதுகில் எழுதிய சட்டையைப் போட்டுவிட்டால் அதுதானே வேலை. ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாம், கமாண்டருக்கு அப்புறம் சொன்னால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு அதைச் சுமந்து பார்த்திருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு மூன்று மாடித் தையல் கூடம் சரிந்தது. பதினோரு பேரை மீட்டாகிவிட்டது. பாக்கி ஒரே ஒருத்தர், துணி வெட்டுகிறவர். நீளமாக ஒரு விசில் ஊதினார்கள். அப்படி ஊதினால் எல்லோரும் வாயை மூடி, இயந்திரத்தை அணைத்து, காது கொடுக்க வேண்டும். இடிபாட்டுக்குள்ளிருந்து டொக், டொக் என்று தட்டும் சத்தம் வந்தது. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மனைவி, "அவர்தான்!" என்று கத்திவிட்டாள்.

ஆறு பேர் உள்ளே நுழைந்தார்கள். உள்ளே போகிறவர்களைக் கணக்கு வைக்க வாசலில் இருந்தவரிடம் ஆறு பெயர்ப் பட்டைகளைக் கொடுத்துவிட்டுத்தான். முன்னால் போனவன் நிறுத்தக்காவின் கொழுந்தன்.

அவள் கண்ணெல்லாம், சாய்ந்து நின்ற பக்கச் சுவரிலேயே இருந்தது. விரிசலின் இரு பக்கமும் கோடு போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாள். முதலில் அசைவே இல்லை. அடுத்த முறை இரண்டு மில்லிமீட்டர். அதற்கடுத்து ஐந்து.

மூன்று முறை சின்னதாக, அவசரமாக விசில் ஊதினாள். எல்லோரும் வெளியே வர வேண்டும் என்று அர்த்தம். அப்புறம்தான் வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"கமாண்டர், பாதுகாப்பு பேசுறேன். சுவர் நகருது. எல்லாரையும் வெளியே கூப்பிட்டுட்டேன்."

"சரி. வெளியே வரட்டும்," என்றார் கமாண்டர். மேசையை விட்டு அவர் நகரவில்லை. அவரும் ஓடினால் எல்லோரும் யாரைக் கேட்பார்கள்?

வயர்லெஸ்ஸில் கொழுந்தனின் குரல் இரைந்தது. "அண்ணி, ரெண்டே நிமிஷம். கை எட்டுற தூரத்துல இருக்காரு. விரலைத் தொட்டுட்டேன்!"

"வெளியே வா."

"அண்ணி, கெஞ்சிக் கேக்குறேன்..."

"வாடா வெளியே!"

தகவல் தொடர்பு மேசையிலிருந்து ஒவ்வொருவராக அழைத்துச் சரிபார்த்தார்கள். ஆறு பேரும் வந்தாயிற்று. கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்காமலே தாண்டிப் போனான்.

வண்டிகளும் ஆட்களும் அழைப்புக்காகப் பள்ளி மைதானத்தில் காத்திருந்தார்கள். அங்கே பொறுப்பிலிருந்தவரிடம் சுவருக்கு முட்டுக்கொடுக்கக் கமாண்டர் மரம் கேட்டார். லாரி ஐந்தே நிமிடத்தில் வந்தது. ஆனால் முட்டுகளை எட்டத்திலேயே அடித்துப் பூட்டி, பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டுபோய்ச் சுவருக்குக் கொடுக்க வேண்டுமே! நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும், 'விழுந்து தொலை, விழுந்துவிடு' என்று அவள் அந்தப் பாழாய்ப்போன சுவரை மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுதல் அது! விழுந்தால் அவள் ஊதியது சரி என்றாகும்; ஆனால் உள்ளே இருப்பவரும் போவார். அது தெரிந்தும் வேண்டினாள்.

சுவர் விழவில்லை.

நீளமாய் ஒன்று, சின்னதாய் ஒன்று ஊதினார்கள். மறுபடி வேலை தொடங்கியது. உள்ளே போனதும் கொழுந்தன் அமைதி கேட்டான். நீள விசில். தெருவே மூச்சடக்கி நின்றது. தட்டும் சத்தம் வரவில்லை. இன்னொரு முறை ஊதச் சொன்னான். அப்போதும் வரவில்லை.

உடலை வெளியே எடுத்தபின், செய்தித் தொடர்பு அதிகாரி அந்த மனைவியிடம் போகக் கிளம்பும்போது நிறுத்தக்காவிடம் சொன்னார்: "நிறுத்தினது கமாண்டர் முடிவுன்னு சொல்லிடுறேன். நீங்க வர வேணாம்."

"ஊதினது நான்," என்று அவளும் கூடப் போனாள்.

அந்தப் பெண் அழவில்லை. "சுவர் விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. விழல."

"அவருக்கு விசில் சத்தம் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்."

"எல்லாரும் நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சிருப்பாரு, இல்ல?"

நிறுத்தக்காவின் முப்பது வருட வேலையில் எந்தப் பயிற்சியிலும் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

பின்னாலிருந்து கொழுந்தன் வந்து அந்தப் பெண்முன் நின்றான். தலையிலிருந்து கால்வரை சிமெண்டுப் பொடி. "அக்கா, நான் சொல்லாம வரல. அவர் விரலப் பிடிச்சுக்கிட்டு, 'போயிட்டு வரேண்ணே'ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். சரின்னு ரெண்டு தட்டு தட்டினாரு."

அந்தப் பெண் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் கையா?" என்றாள். அப்போதுதான் உடைந்து அழுதாள்.

நிறுத்தக்கா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள். சுவர்ப் பக்கம் ஆட்கள் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து விசிலை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போனாள்.