நூற்றைம்பது மில்லி

சிறுநீர் அட்டவணையில் பத்து மணிக் கட்டத்தில் 200, பன்னிரண்டு மணிக் கட்டத்தில் 150. இரண்டையும் எழுதியவள் வார்டு நர்ஸ் லோஷினிதான். இரண்டையும் அவள் அளக்கவில்லை.

கட்டிலில் கிடந்தவர் லெட்சுமணன். சாஆ ஊருக்குப் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுபவர். அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த லோஷினி, சின்ன வயதிலிருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். ஐந்து நாள் காய்ச்சலோடு நேற்று மாலை மாவட்ட மருத்துவமனைக்கு வந்திருந்தார். இரத்தத் தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. முதல் டெங்கி சோதனையில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஐந்தாம் நாளில் அப்படி வருவதுண்டு, பக்கத்து லய வீடுகளில் இரண்டு பேருக்கு டெங்கி வேறு. அதனால் டெங்கி என்றே வைத்து டிரிப் ஏற்றினார்கள். போகிற சிறுநீரை அளந்து எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர் ஷர்மைன்.

காலையில் லோஷினி பாட்டிலை நீட்டியபோது லெட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழிப்பறைக்கே போய்விட்டு வருவதாகச் சொன்னார். கூச்சப்படுகிற மனிதரை அவளால் வற்புறுத்த முடியவில்லை. திரும்பி வந்ததும் எவ்வளவு போனது என்று பாதி வாய்க்குள்ளேயே கேட்டாள்.

"நல்லாதான் போச்சும்மா" என்றார்.

நல்லா என்றால் இருநூறு இருக்கும் என்று நினைத்து எழுதினாள். அடுத்த முறையும் அதே பதில்தான். இந்தத் தடவை கொஞ்சம் குறைத்து எழுதினாள். அப்போதுதான் உண்மை போல இருக்கும்.

இரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். லெட்சுமணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். நாடி வேகமாக ஓடியது. காலையில் சிறுநீரகத்துக்காக எடுத்த இரத்தம் உறைந்து கெட்டுவிட்டதால் மறுபடி அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. டாக்டரின் விரல் அட்டவணையில் இறங்கி அந்த இரண்டு எண்களில் நின்றது.

"யூரின் ஓகே. கிட்னி வேலை செய்யுது. தண்ணி பத்தலனு நெனைக்கிறேன், டிரிப்ப கூட்டுங்க."

லோஷினி டிரிப்பின் வேகச் சக்கரத்தில் கைவைத்தாள். மாமாவின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. காலையில் இப்படி இல்லை. சக்கரத்தைத் திருப்பினால் தன் கையாலேயே அவரை மூழ்கடித்துவிடுவோமோ என்று தோன்றியது. திருப்பாமல் நின்றால் எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் சிஸ்டர் யோகேஸ்வரி நின்றிருந்தார். எதிர்க்கட்டில்காரரின் மனைவி வேறு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், அது நான் அளக்கல. அவங்க சொன்னத வச்சு எழுதிட்டேன்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

டிரிப்பைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கச் சொல்லிவிட்டு, லெட்சுமணனின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நுரையீரலின் அடியில் நீர் சேர்ந்த சத்தம் கேட்டது. பிராணவாயு கொடுத்து, சிறுநீர்க் குழாய் போட்டார்கள். பையில் முப்பது மில்லிகூட வரவில்லை. வந்ததும் பால் கலக்காத தே-ஓ தேநீரின் நிறத்தில் இருந்தது.

"நேத்திலேருந்தே இப்படித்தான்மா" என்றார் லெட்சுமணன். அவர் கண் தரையில் இருந்தது. "சொட்டு சொட்டா. இந்தக் கலர ஒங்கிட்ட எப்படிக் காட்டுறது?"

எந்தப் பகுதியில் வேலை என்று டாக்டர் கேட்டார். காட்டோரத்துப் பகுதியாம். குரங்குகள் தலைக்கு மேலேயே திரியுமாம்.

டாக்டர் அட்டவணையை மூடிவைத்தார். "டெங்கினு ஒரே பக்கமா பாத்துட்டேன். இத நேத்தே கேட்டிருக்கணும்."

இரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மலேரியா, குரங்கிடமிருந்து கொசு கொண்டுவரும் வகை. சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் நானூற்றைத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்த வேளையில் அதற்கு மேல் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசியின் முதல் டோசைப் போட்டுவிட்டு, இரத்தம் சுத்திகரிக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள்.

லோஷினி அன்றே நடந்ததை அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள். 'அளக்கவில்லை' என்ற சொல்லை எழுதும்போது பேனா இருமுறை நின்றது. அதன்பிறகு வார்டில் யாரும் அவளிடம் அதைப் பேசவில்லை. ஆனால் அவள் எழுதும் எண்களை யோகேஸ்வரி இன்னொருமுறை சரிபார்த்தார், தினமும்.

ஐந்து வாரம் கழித்து, லோஷினி வெளிநோயாளர் பிரிவில் இருந்த நாளில், லெட்சுமணன் மறுபரிசோதனைக்கு வந்தார். நான்கு முறை டயாலிசிஸ் செய்திருந்தார்கள். இப்போது தேவையில்லை, சிறுநீரகம் மெல்லத் தேறிவருகிறது. உடம்பு பாதியாகியிருந்தது.

தான் பொய் சொன்னதால்தான் வந்த வினை என்றும், அதைப் பெரிய மிஸ்ஸி யோகேஸ்வரியிடமே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

"வேணாம் மாமா. நீங்க நோயாளி, கூச்சப்பட்டீங்க. பேனா எங்கையிலதான் இருந்துச்சு."

லெட்சுமணன் எழுந்தார். சிறுநீர் பரிசோதனைக்கான டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது, வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அதை ஒளிக்காமல் கையில் தூக்கிப் பிடித்தபடியே நடந்து வந்தார்.

"பாத்துக்கோ புள்ள. நல்லா பாத்து எழுது."

தெளிந்த மஞ்சள். லோஷினிக்கு முகம் சுட்டது. குனியாமல் வாங்கிக்கொண்டாள்.