பதினைந்து பேருக்கு மூன்று பெயர்

இருபது வருஷம் வாரப் பத்திரிகையில் பிழை திருத்தியவளுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் கை நமைச்சல் எடுக்கும், ஒன்றை மாற்றாமல் தூக்கம் வராது. பத்திரிகையை மூடிய பிறகு வக்கீலம்மாவின் அலுவலகத்தில் ஆவணம் தயாரிக்கச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே அவளுக்கு வைத்த பட்டப்பேர் 'இலக்கியம்'. பத்திரிகை போயிற்று, வியாதி போகவில்லை. சனியன், அது அவ்வளவு லேசில் போகுமா!

அன்று காலை பதினோரு மணிக்குக் கையெழுத்து. வக்கீலம்மாவின் கட்சிக்காரி தையலக்கா தன் தையற்கூடத்தை ஒரு துணிக்கடைக்காரருக்கு விற்கிறாள். விலையில் கூட அவள் பெரிதாகப் பேரம் பேசவில்லை. "என் ஆளுங்க பதினைஞ்சு பேர்ல ஒருத்தரையும் ரெண்டு வருஷத்துக்கு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதை எழுத்துல குடுத்தாத்தான் கையெழுத்து" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒன்பது பேர் கூடத்தில் மிஷினில் தைப்பவர்கள். ஆறு பேர் வீட்டிலிருந்தே பட்டன் வைத்துக் கொடுக்கும் பெண்கள்.

மேஜைமேல் மூன்று தாள்கட்டு: ஒப்பந்தம், அதோடு சேர்ந்த பட்டியல், தனியாக ஓர் உறுதிக் கடிதம். மூன்றையும் தட்டச்சு செய்தவள் இலக்கியம்தான். தையலக்கா பேனாவைத் திறந்த நேரம் பார்த்து, துணிக்கடைக்காரரின் வக்கீல் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சின்ன சந்தேகம். ஒப்பந்தத்துல 'ஊழியர்'னா பட்டியல்ல பேர் இருக்கறவங்கன்னு போட்டிருக்கு. பட்டியலோட தலைப்பு 'பணியாளர்'. கடிதத்துல 'தொழிலாளர்' யாரையும் நீக்க மாட்டோம்னு இருக்கு. சொல்லு மாறினா ஆளும் வேறன்னுதான் நாங்க எடுத்துப்போம். தொழிலாளர்னா கூடத்துல வேலை செய்யற ஒன்பது பேர்தானே?"

தையலக்காவின் பேனா அப்படியே நின்றது. "அப்போ என் பட்டன் பொண்ணுங்க?"

துணிக்கடைக்காரர் மோவாயைத் தடவினார். "எங்ககிட்ட பட்டனுக்கு மிஷினே இருக்கு..." என்று இழுத்தார். வக்கீலம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

இலக்கியம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையாவது மிஞ்சும். ஆனால் ஆறு பேர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடுமே! எழுந்து துணிக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, அது மூணும் ஒரே ஆளுங்கதான். தப்பு என்னோடது. ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா படிக்க நல்லா இருக்காதுன்னு நான்தான் அழகுக்கு மாத்தி மாத்திப் போட்டேன். போன வாரம் இதே மேஜையில நீங்க பேசினது என் குறிப்பேட்டுல இருக்கு. 'பதினைஞ்சு பேரும் எனக்கு வேணும்'னு சொன்னீங்க."

"அழகுக்கா?" என்றார் துணிக்கடைக்காரர். அவர் தொப்பை குலுங்கியது. "ஏம்மா, ஒப்பந்தத்துக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா! சொன்னது சொன்னதுதான். திருத்துங்க."

அரை மணி நேரம் கெடு. கணினியில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம், ஆனால் அவள் ஏற்கெனவே சூடு பட்டிருந்தாள். ஒவ்வோர் இடமாக நின்று பார்த்தாள். நல்லவேளை! ஒன்பதாம் பக்கத்தில் 'தொழிலாளர் நலச் சட்டம்' என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருந்தால் இல்லாத சட்டம் ஒன்று பிறந்திருக்கும். அதைத் தொடாமல் மற்ற எல்லா இடத்திலும் 'ஊழியர்' என்றே போட்டாள். படிக்கச் சகிக்கவில்லை, அவ்வளவு சரியாக இருந்தது. கடிதத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தாள்: ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்கு என்ன பொருளோ, இங்கேயும் அதே பொருள்தான்.

வக்கீலம்மா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இனிமே அழகு கிழகுன்னு வந்தீங்க, பாருங்க!" என்று முறைத்தார். வேலை போகவில்லை என்று அர்த்தம். இலக்கியத்துக்கு உயிர் வந்தது.

துணிக்கடைக்காரர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டு போனார். பதினைந்தாவது பேரில் நிறுத்தினார். "அக்கா, நாளையிலேர்ந்து நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானா?" தையலக்கா யோசித்தாள். எல்லோரைப் பற்றியும் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவே இல்லை. "தெரியலையே தம்பி. சும்மா இருந்து பழக்கமே இல்ல."

"அப்போ ஒரு பேர் விட்டுப்போச்சு. துணி வெட்ட எனக்கு ஆள் வேணும். எழுதும்மா, பதினாறு."

அவருடைய வக்கீல் பதறினார். "அப்போ கடிதத்தையும் மறுபடி திருத்தணுமே!"

"வேண்டாம் சார்" என்றாள் இலக்கியம், எழுதிக்கொண்டே. "பட்டியல்ல பேர் ஏறினா அவங்க ஊழியர். ஊழியர்னா கடிதம் அவங்களுக்கும்தான்."

தையலக்கா துணிக்கடைக்காரரையும் இலக்கியத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ என்னையும் யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாதா?"

"ரெண்டு வருஷத்துக்கு யாராலயும் முடியாது அக்கா" என்றாள் இலக்கியம்.

தையலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.