பினாங்குக் கடை விற்ற ஆயிரம் பவுண்டு

அங்கமுத்துவுக்கு எங்கள் ஊரில் 'பதிமூணு' என்று பட்டப்பெயர். மலேயாவில், ஈப்போவில் இருபது வருஷம் மளிகைக் கடை நடத்தியவர். அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் கடையை விற்றுப் பணத்தைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தார். மலேயாப் பணத்துக்கு அப்போது பவுண்டுதான் கணக்கு, ஒரு பவுண்டுக்குப் பதிமூன்று ரூபாய் சொச்சம். பத்து மாதம்தான் போயிருக்கும். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டில்லியில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். விடிந்தால் பவுண்டு இருபத்தொரு ரூபாய். பத்து மாதம் பொறுத்திருந்தால் பாதிக்கு மேல் கூடுதலாக வந்திருக்கும். அதன் பிறகு அந்த மனிதர் சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்டாலும், "உங்களுக்குப் பதிமூணுங்க" என்றுதான் பதில் வரும்.

அப்படிச் சிரித்தவர்களில் பலமாகச் சிரித்தவன் நான். முஸ்தபா, நாலு மிஷின் ஓட்டும் சின்ன பனியன் கம்பெனிக்காரன், தினமும் பேப்பர் படிப்பவன். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

என் அக்கா ஷரீபுன்னிசாவுக்குப் பினாங்கில் ஒரு துணிக்கடை இருந்தது. மச்சான் ஜமால் அதை அவளுக்கு மஹராக, நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் பொருளாக, எழுதி வைத்திருந்தார். மச்சான் மௌத்தாகி மூன்று வருஷம் ஆனபின், கடையை விற்றுவிடலாம் என்று அக்கா முடிவெடுத்தாள். அதற்குக் காரணம் ராசப்ப கவுண்டரின் ஓட்டுக் கட்டடம். அதை வாடகைக்குப் பிடித்துத்தான் அக்கா ஆறு தையல் மிஷின் போட்டு, எட்டுப் பெண்களை வைத்து, கம்பெனிகளுக்கு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் மகள் கல்யாணத்துக்காக அதை விற்கப் போகிறார் என்று தெரிந்ததும், இரண்டு கை வளையல்களையும் விற்று இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். மீதி இருபத்தோராயிரம். கெடு அறுபத்தேழு நவம்பர் முப்பது. தவறினால் அட்வான்ஸ் போச்சு, கட்டடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சோமனூர் நூல் வியாபாரிக்கு.

கடை எட்டாயிரத்து அறுநூறு மலேசிய டாலருக்குப் போனது. கணக்குப் போட்டால் இருபத்தோராயிரம் ரூபாய், அளந்து தைத்த மாதிரி. அக்டோபர் கடைசியில் பினாங்கு வக்கீல் ஒரு கடிதம் எழுதினார். பணத்தை மெட்ராஸ் பாங்கின் பேரில் ரூபாய் டிராப்டாக அனுப்பட்டுமா, லண்டன் பாங்கின் பேரில் பவுண்டு டிராப்டாக அனுப்பட்டுமா? தந்தி கொடுக்கவும்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் அவளிடம், "பணம் வரப் போகுதுக்கா" என்று மட்டும் சொன்னேன். கேள்வியைச் சொல்லவில்லை.

ரூபாயாக வந்தால் கதை அன்றோடு முடிந்தது. பவுண்டாக வந்து கையில் இருந்தால், ரூபாய் இன்னொரு முறை விழும்போது நமக்கு லாபம். போன வருஷம் விழுந்த ரூபாய் இந்த வருஷம் விழாதா? நாடெங்கும் அரிசிப் பஞ்சம், விலைவாசி ஏற்றம். அங்கமுத்துவும் டீக்கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்பட்டுறாதீங்க பாய். நம்ம பட்டது போதும்" என்றார். பாவம், நல்லது நினைத்துத்தான் சொன்னார். நான் தபாலாபீசுக்குப் போய், பவுண்டில் அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தேன்.

நவம்பர் ஏழாம் தேதி ஆயிரம் பவுண்டு டிராப்ட் பதிவுத் தபாலில் வந்தது. அக்கா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைக் குடுத்தா பாங்கில் பணம் தருவாங்களா?"

"தருவாங்க. கொஞ்சம் பொறு, இன்னும் ஏறும்."

"இருக்கறதே போதும்டா. முப்பதாம் தேதிக்குள்ள வேணும், அவ்வளவுதான்."

"இன்னும் மூணு வாரம் இருக்குதுக்கா. நான் பாத்துக்கறேன்."

பாங்கு ஏஜெண்ட் செங்கோட்டையன் என்னோடு நன்றாகப் பழகியவர். இரண்டு தடவை சொல்லி அனுப்பினார், மூன்றாவது தடவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். "வெளிநாட்டுப் பணத்தை இப்படிக் கையில வெச்சிருக்கக் கூடாதுங்க, சட்டம் இருக்குது. கொண்டு வந்து குடுங்க, அன்னைக்கு ரேட்ல நாங்களே வாங்கிக்கறோம். இருபத்தொண்ணுக்குச் சில்லறைதான் கொறையும்."

"குடுத்தர்றேனுங்க, அடுத்த வாரம்" என்றேன்.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை பேப்பரில் வேறு மாதிரி செய்தி வந்தது. இங்கிலாந்தில் பவுண்டுக்கே ஆபத்தாம், கடன் வாங்க ஓடுகிறார்களாம். நான் அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன். விழுவது நம் ரூபாய்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, பவுண்டும் விழக்கூடிய பொருள் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஜும்மா முடிந்து ஓடினேன். பாங்குக் கதவு சாத்தியிருந்தது.

சனிக்கிழமை பாங்கு பன்னிரண்டு மணி வரைதான். கதவு திறக்கும்போதே அக்காவை அழைத்துக்கொண்டு போய் நின்றேன். டிராப்ட் அவள் பேரில் இருந்தது, பின்னால் கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள். எழுத்து எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள்.

செங்கோட்டையன் டிராப்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எங்க கிளையில் ரேட் போட முடியாதுங்க. கோயமுத்தூர்ல கேட்டு, அவங்க சொல்ற ரேட்டுக்குத்தான் வாங்கணும். டிரங்க் கால் போடறேன், உக்காருங்க."

பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்தேகாலுக்குப் போட்ட கால் பதினொன்றுக்கும் வரவில்லை. "அவசரக் கால் போடுங்க, காசை நான் தர்றேன்" என்றேன். போட்டார். டெலிபோன் ஒருமுறை அடித்தது. எடுத்தால், பஞ்சு மில்லிலிருந்து யாரோ செக் புத்தகம் கேட்டார்கள். அக்கா முந்தானையில் முடிந்த பொட்டுக்கடலையை எனக்கு நீட்டினாள். வாங்கிக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோயமுத்தூர் கிடைத்தது. செங்கோட்டையன் பேசினார், கேட்டார், சரிங்க சரிங்க என்றார், வைத்தார். "இன்னைக்குப் பவுண்டு வாங்க ரேட் இல்லைன்னுட்டாங்க. பம்பாயிலிருந்தே வரலையாம். திங்கக்கெழம காலைல மொதல் வேலையா போட்டர்றேங்க."

"ரெண்டு நாளில் என்ன ஆயிடப் போகுது" என்று அக்கா எழுந்தாள். போன வருஷம் ஜூனிலும் காரியம் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. இந்த மாதிரி வேலைகளை அரசாங்கங்கள் பாங்கைப் பூட்டிய பிறகுதான் செய்யும். எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? டிராப்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள். பவுண்டின் மதிப்பை ஏழில் ஒரு பங்கு குறைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தொன்பதில் பவுண்டு விழுந்தபோது நம் ரூபாயும் கூடவே விழுந்தது. இந்த முறையும் டில்லி அப்படிச் செய்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும், பவுண்டுக்கு அதே இருபத்தொன்று கிடைக்கும். அதனால் பள்ளிவாசலில் உட்கார்ந்து, யா அல்லாஹ், எங்கள் ரூபாயும் விழட்டும் என்று துஆ கேட்டேன். கோடிக்கணக்கான பேர் ரேஷன் கடையில் நிற்கும் நாட்டில், என் மூவாயிரம் ரூபாய்க்காக அப்படிக் கேட்டேன். டில்லி அசையவில்லை. ரூபாய் விழாது என்று அறிவித்துவிட்டார்கள்.

செங்கோட்டையன் பென்சிலால் எழுதிக் காட்டினார். பவுண்டு பதினெட்டு. கமிஷன் போகப் பதினேழாயிரத்துச் சொச்சம். வேறு வழி இல்லை, கொடுத்தோம். இன்னும் காத்திருந்தால் அது பழையபடி ஏறுமா என்று நான் கேட்டதற்கு, அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். "ஏறாதுங்க பாய்."

மீதியைத் திரட்ட அலைந்தேன். ஒரு மிஷினை விற்றேன், ஆயிரத்து இருநூறு கிடைத்தது. நூல் கடைக்காரர்களிடம் கேட்டேன். எனக்கு எப்போதும் வழி சொல்லும் ஆட்கள் அன்றைக்கு வேறு வேலையாக இருந்தார்கள். அங்கமுத்து மட்டும் தேடி வந்து இருநூறு ரூபாயை என் கையில் திணித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

முப்பதாம் தேதி, இன்னும் இரண்டாயிரத்துக்குக் கிட்டத்தட்டக் குறைந்த பணத்தோடு ராசப்ப கவுண்டர் வீட்டுக்குப் போனோம். மோர் கொடுத்தார். மரியாதையாக உட்கார வைத்தார்.

"இன்னொரு மாசம் தவணை குடுங்க கவுண்டரே" என்றேன்.

"தை மாசம் கல்யாணமுங்க பாய். சோமனூர்க்காரர் ரொக்கமா வெச்சுட்டுக் காத்திருக்கறாரு. நா என்ன பண்ணட்டுமுங்க?" அட்வான்சில் ஐநூறைத் தானாகவே திருப்பி அக்காவின் முன் வைத்தார். அது தர்மம், ஒப்பந்தத்தில் இல்லாதது. கோபப்படக்கூட எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

மிஷின்கள் என் வீட்டு முன்னறைக்கு வந்தன. ஆறில் மூன்றுக்குத்தான் இடம். எட்டுப் பெண்களில் ஐந்து பேரை அக்கா நிறுத்த வேண்டியதாயிற்று. அமராவதி என்ற பெண் அழுதபோது அக்கா அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "என் தம்பி நல்லதுக்குத்தான் ஓடினான் கண்ணு. வெள்ளைக்காரன் ஊர்ல பண்ணின வேலைக்கு அவன் என்ன பண்ணுவான்?" கேட்டவர்களுக்கெல்லாம் இதையே சொன்னாள். என்னை யாரும் 'பதினெட்டு' என்று கூப்பிடாமல் போனதற்கு அவள்தான் காரணம். ஒவ்வொரு தடவை அவள் அப்படிச் சொல்லும்போதும் எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

நோன்பு பத்தாம் நாள், பினாங்கிலிருந்து வக்கீலின் கடைசிக் கடிதம் வந்தது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, "படிச்சுச் சொல்லு" என்றாள். வருத்தப்பட்டு எழுதியிருந்தார். "மலேசியாவின் புது டாலர் குறையவில்லை, பணம் டாலராகவே இங்கே இருந்திருந்தாலும், என் முதல் கடிதத்தில் கேட்டிருந்தபடி ரூபாயாக அனுப்பியிருந்தாலும் ஒரு காசு நஷ்டம் வந்திருக்காது, உங்கள் தந்தியின்படியே பவுண்டில் அனுப்பினேன்" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியைத் தாண்டிவிட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த பனியன் கழுத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"ரூபாயா வேணுமா, பவுண்டா வேணுமான்னு கேட்டிருந்தாரா?"

"ஆமாக்கா."

"எப்போ?"

"தந்திக்கு முன்னாடி."

"என்னைக் கேட்டிருந்தா ரூபாய்ன்னு சொல்லியிருப்பேன்டா" என்றாள்.

பிறகு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.