பீமுக்குக் கீழே நான்கு விரல்

கொழிஞ்சாம்பாறையின் கரிசலைப் பற்றி நான் இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை வந்தால் ஊதி வீட்டையே தூக்கும். ஐப்பசி பிறந்தால் எங்கள் பழைய வீட்டு வாசல் கதவைச் சாத்த இரண்டு ஆள் வேண்டும். விரிசலுக்குச் சிமெண்ட் பூசிப் பூசிச் சலித்து, கடைசியில் புதிதாகக் கட்ட இடித்தோம்.

"இந்த ஒருவாட்டிதான், ஹஸீனா. இதும் வெடிச்சா இடத்தை வித்துட்டு அண்ணன் ஊட்டு மாடிக்குப் போயிறலாம்" என்றார் என் வீட்டுக்காரர் ஜாகிர். அந்த மாடியில் ஒற்றை அறை. எனக்கு வேண்டவே வேண்டாம்.

இன்ஜினியர் ஆனந்தி, பைல் என்னும் கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கச் சொன்னார். பன்னிரண்டடி ஆழத்துக்குத் துளை. அதன் அடியில் கருவியை விரித்துச் சுழற்றிக் குடம்போல அகலமாக்கி, கம்பி இறக்கி, கான்கிரீட் போட்டார்கள். அந்த ஆழத்து மண் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. மேல்மண் எவ்வளவு இழுத்தாலும் குடம் பைலைப் பிடித்துக்கொள்ளும். பைல்களின் தலைமேல் பீம், பீமின்மேல் சுவர்.

"பீமுக்கு அடியில நாலு விரல் இடம் சும்மா விடுங்க. மண்ணு அதுக்குள்ள ஊதிக்கிடட்டும்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு, வேறு வேலையாக மறையூர் போனார் ஆனந்தி.

சுவர் இடுப்பளவு எழுந்தபின் ஒருநாள் பீமுக்கு அடியில் கைவிட்டேன். போகவில்லை. செங்கல் உடைசலும் மண்ணுமாக இறுக்கி அடைத்திருந்தார் கொத்தனார் பொன்ராஜ்.

"ஏனுங்கம்மா, அடியில பொந்து உட்டு யாராச்சும் ஊடு கட்டுவாங்களா? பாம்பு குடி வந்துருமுங்க."

"மண்ணு ஊதுனா அந்த உடைசலோட சேத்துப் பீமைத் தூக்கும், அண்ணா. அப்புறம் பைல் எதுக்குங்க?"

"முப்பது வருசமாக் கட்டறனுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருடமாக அவர் கட்டியதில் எத்தனை வெடித்திருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு ஆனந்திக்குப் போன் போட்டேன். பீம் நன்றாக இறுகிவிட்டது, பைல்கள் தாங்கும், அடைத்ததைத் தோண்டி எடுக்கலாம் என்றார்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜாகிர் தலையில் கைவைத்தார். மதியம்வரை நான் தனியாகத்தான் கிளறினேன். அதற்குமேல் பொன்ராஜால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வந்து எதிர்ப்பக்கம் தோண்ட ஆரம்பித்தார். மூன்று நாளில் சுற்றிலும் நாலு விரல் இடைவெளி. மண் சரியாமலும் பாம்பு நுழையாமலும் பக்கங்களில் மெல்லிய கல்பலகை நிறுத்தியதும் அவர்தான்.

வீடு முடிந்து நாங்கள் குடிவந்த ஐப்பசியில் மழை பதினாறு நாள் விடாமல் கொட்டியது. பக்கத்து மளிகைக்கடையின் புதுச் சுவர் மூலைக்கு மூலை வெடித்தது. ஜாகிர் காலையிலும் மாலையிலும் எங்கள் வாசல் கதவைச் சாத்திச் சாத்தித் திறந்து பார்த்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும். சுவரில் மயிரிழை விரிசல்கூட இல்லை.

மழை ஓய்ந்ததும் பொன்ராஜ் வந்தார். ஒரு மூலையில் பலகையை நகர்த்தி, குத்துக்காலிட்டு, பீமுக்கு அடியில் விரல்களை நுழைத்தார். இரண்டுதான் போயின. மண் இரண்டு விரல் ஊதி, பீமைத் தொடாமல் நின்றிருந்தது.

அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்துக் கடைய இடிச்சுக் கட்டப் போறாங்களாமுங்க. நாலு விரல் போதுமா, அஞ்சா உடட்டுங்களா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இன்ஜினியரம்மாகிட்டக் கேளுங்க, அண்ணா" என்று சொல்லிவிட்டு, ஜாகிர் கண்ணெதிரே, அண்ணன் வீட்டுக்குப் போக அவர் முன்னெச்சரிக்கையாகக் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.