கோகோ கப்பும் நெருங்கிய தோழிகளும்

பள்ளிக் கோகோ அணியின் வாட்ஸ்அப் குழுவில் கேப்டன் ஹாஃபிஸா எழுதினாள்: “கப்பைக் காணோம்டி. யாராச்சும் பாத்தீகளா?”

“நீதான அதைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச,” என்றாள் ஈஸ்வரி.

ஹாஃபிஸா கப்போடு நிற்கும் இன்ஸ்டா பதிவுக்கு நானூறு லைக். ராமநாதபுரத்து இறுதியாட்டத்தில் ஐந்து பேரைத் தொட்டு அவுட்டாக்கிய ஈஸ்வரியின் கை மட்டும் அதன் ஓரத்தில் தெரிந்தது.

கப்பை எடுத்துப்போனவள் ஈஸ்வரிதான். கப்போடு படமெடுத்து, இன்ஸ்டாவில் நெருங்கிய தோழிகளுக்கு மட்டும் ஸ்டோரி வைத்தாள். ஒன்பதாம் வகுப்பில் போட்ட அந்தப் பட்டியலில் ஹாஃபிஸாவும் இருந்ததை மறந்திருந்தாள். பார்த்தவர்களில் முதல் பெயரே அவளுடையது.

ஹாஃபிஸாவிடமிருந்து தனியே செய்தி வந்தது: “படம் நல்லாருக்குடி. திங்கக்கெழம கொண்டாந்து வச்சிரு.”

குழுவில் ஹாஃபிஸா எழுதினாள்: “கப்பு கெடச்சிருச்சு. நாந்தான் மறந்து வச்சுட்டேன்.”

எல்லாரும் இதயம் போட்டார்கள். இதிலும் அவளே நல்லவளாகிவிட்டாளே என்று ஈஸ்வரிக்கு வயிறு எரிந்தது.